முதல் பக்கத் தலைப்புகளில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது

"பினாங்கில் வாழை இலை விருந்து சமைத்துத் தருகிறோம். கூகுளின் முதல் பக்கத்தில் உள்ள போட்டியாளர்களின் தலைப்புகளில் எதைப் பார்க்க வேண்டும்?"

உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் `banana leaf catering penang` என்று தேடுங்கள். விளம்பரங்களையும் வரைபடத்தோடு வரும் கடைப் பட்டியலையும் விட்டுவிட்டு, மற்றத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாரிடமும் உள்ள சொற்களை அடித்துவிடுங்கள். ‘சிறந்த’, ‘மலிவு’, ‘பினாங்கு’ போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். இப்போது புதுமனை புகுவிழா வைப்பவராக யோசியுங்கள். முப்பது பேருக்குச் சமைப்பார்களா? தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவருவார்களா? சைவம் மட்டும் கிடைக்குமா? இவற்றுள் எந்தத் தலைப்பும் தொடாததே இடைவெளி.

ஆனால் யாரும் தேடாததாலும் ஒரு சொல் விடுபட்டிருக்கலாம். `catering butterworth` என்று தட்டச்சு செய்யத் தொடங்குங்கள். கூகுள் தானாகப் பரிந்துரைத்தால் தேடுவோர் இருக்கிறார்கள் என்று பொருள். பரிந்துரை வராவிட்டால் அவசரப்பட்டு அந்தச் சொல்லைத் தலைப்பில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு சிக்கல்: கூகுள் சில தலைப்புகளைத் தானே மாற்றிக் காட்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தின் மூலநிரலில் `<title>` வரியைப் பாருங்கள். விடுபட்டதாக நீங்கள் நினைத்த சொல், போட்டியாளர் எழுதியும் கூகுள் காட்டாததாக இருக்கலாம்.

பட்டர்வொர்த்தைத் தலைப்பில் சேர்த்தால், அங்கே கொண்டுவரும் கட்டணத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வருபவர் உடனே திரும்பிவிடுவார்.