வார்டு மெம்பரும் தீர்மான நோட்டும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் ஆறு இங்கே. பல கடிதங்களில் ஒரே மனவேதனை தெரிகிறது: "ஜெயித்து வந்தேன், ஆனால் ஒரு வேலையும் என்னால் செய்ய முடியவில்லை." அதனால் சட்டம் உறுப்பினரின் கையில் எதைத் தந்திருக்கிறது என்பதிலேயே அதிக நேரம் நிற்கிறேன்.

கேள்வி: என் வார்டில் தெருவிளக்குகள் மூன்று மாதமாக எரியவில்லை. ஊராட்சி செயலரிடம் சொன்னால், "தலைவர் சொல்லட்டும்" என்கிறார். உறுப்பினர் என்ற முறையில் நான் அவருக்கு உத்தரவு போட முடியாதா?

முடியாது. செயலர் சொன்னதில் தவறும் இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. செயலர், தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் என யாருக்கும் உறுப்பினர் தனியாக வேலை சொல்ல சட்டத்தில் இடமில்லை. உங்கள் அதிகாரம் மன்றக் கூட்டத்துக்குள்தான் உயிர் பெறுகிறது. அங்கே நீங்கள் தீர்மானம் கொண்டுவரலாம், நிர்வாகம் பற்றித் தலைவரிடம் கேள்வி கேட்கலாம், உங்கள் வார்டின் குறையையும் கவனிக்கப்படாத வேலையையும் சுட்டிக்காட்டலாம். முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அலுவலக நேரத்தில் ஊராட்சிப் பதிவேடுகளைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுப்பதென்றால் தலைவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

இனி விளக்குக்கு வருவோம். முதலில் ஒரு மாலை தெருவில் நடந்து, எந்தெந்தக் கம்பத்தில் எரியவில்லை என்று கம்ப எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பல்பு போயிருந்தால் அது ஊராட்சி வேலை. வரிசையாக நாலைந்து கம்பம் ஒரே நேரத்தில் இருட்டாக இருந்தால் பெரும்பாலும் லைனில் கோளாறு, அது மின்வாரியத்தின் வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் செயலரோடு மாதக்கணக்கில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியலைத் தலைவர் பெயருக்குக் கடிதமாக எழுதி, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். அதே கடிதத்தில், "அடுத்த கூட்டத்தின் பொருளாக இதைச் சேர்க்கக் கோருகிறேன்" என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.

கேள்வி: கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து தீர்மான நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா? போடாவிட்டால் பகை வருகிறது.

எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஊராட்சியில் பணம் நகர்வது தீர்மானத்தின் பலத்தில்தான். ஆறு மாதம் கழித்து ஒன்றிய அலுவலகத்திலோ தணிக்கையிலோ எடுத்துப் பார்க்கும்போது, கூட்டத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதன்கீழ் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

நோட்டு வந்ததும் முதலில், நீங்கள் கையெழுத்துப் போடுவது வருகைக்கா, தீர்மானத்துக்கா என்று பாருங்கள். வருகைப் பக்கத்தில் போட்ட கையெழுத்தையே ஒப்புதலாகக் காட்டிய ஊராட்சிகள் உண்டு. அடுத்து, கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை வரி காலியாக இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு நோட்டில் அந்த இடைவெளியில் பிறகு இரண்டு தீர்மானங்கள் நுழைந்திருந்தன. மேலே உள்ள எழுத்து விசாலமாக இருந்தது, அந்த இரண்டும் மட்டும் நெருக்கியடித்து, மையும் வேறு. மோட்டார் பழுதுக்கும் குழாய் வாங்கவும் என்று எழுதி, தொகை போட்டிருந்தார்கள். உறுப்பினர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவருக்கும் விஷயமே தெரியாது.

அதனால் காலி இடம் இருந்தால் அதில் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தேதியையும் நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துப் போட்டால் அந்த நாளின் தேதிதான் இருக்கவேண்டும். ஒரு தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால், "தீர்மானம் எண் இத்தனைக்கு நான் உடன்படவில்லை" என்று கூட்டத்திலேயே பதிவு செய்யக் கேளுங்கள். எழுத மறுத்தால், கூட்டம் நடந்த அன்றோ மறுநாளோ அதையே தலைவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (கிராம ஊராட்சி) அனுப்புங்கள். பகை வருமே என்கிறீர்கள். "படித்துவிட்டுத் தருகிறேன் அண்ணே, நானே நாளைக் காலையில் ஆபீசுக்கு வந்து போட்டுவிடுகிறேன்" என்று தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். நேர்மையான செயலர் இதற்குக் கோபப்படமாட்டார்.

கேள்வி: எங்கள் தெருவில் சிமென்ட் ரோடு போடுகிறார்கள். கனம் குறைவாகப் போடுவது கண்ணுக்கே தெரிகிறது. வேலையை நான் நிறுத்தலாமா?

நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை. மறித்து நின்றால் உங்கள் மேலேயே புகார் வரலாம். ஆனால் வேலையை அளந்து பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. அதற்குச் சரியான நேரமும் இதுதான்.

ஒரு ரோடு வருகிற வழியைச் சொல்கிறேன். மன்றம் தீர்மானம் போடும். ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் தயாரிப்பார். அதற்கு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று இரண்டு வேண்டும். பிறகுதான் பணி உத்தரவு. வேலை முடிந்ததும் பொறியாளர் அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார். பில் போவது அந்த அளவை வைத்துத்தான். ஆகவே குறையைச் சொல்வதென்றால் எம்-புக்கில் ஏறுவதற்கு முன்பே சொல்லவேண்டும்.

எஸ்டிமேட்டில் 80 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 36 கன மீட்டர் கான்கிரீட். அதே தெருவில் 10 செ.மீ. கனமே போட்டால் 24 கன மீட்டர்தான் வரும். மேலே நின்று பார்ப்பவருக்கு நீளமும் அகலமும் சரியாகவே இருக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட், 12 கன மீட்டர், தரைக்குள் இல்லை. ரோட்டை முடித்து ஓரத்தில் மண் அணைத்துவிட்டால் கனத்தை அப்புறம் எளிதில் பார்க்க முடியாது.

எனவே பக்கப் பலகை இருக்கும்போதே போய், டேப்பை நிறுத்திவைத்துப் பத்து மீட்டருக்கு ஓர் இடமாக அளந்து படம் எடுங்கள். டேப்பில் உள்ள எண்ணும் பின்னால் ஒரு வீட்டு வாசலும் படத்தில் சேர்ந்து தெரியட்டும். பலகையின் உயரத்தை மட்டும் நம்பவேண்டாம். நடுவில் மண்ணை மேடாக விட்டு ஓரத்தில் மட்டும் முழு கனம் காட்டுவது பழைய வழக்கம். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே குறுக்கே ஒரு நூல் கட்டி, நூலிலிருந்து தரைக்கு நடுவில் எவ்வளவு என்று பாருங்கள். இந்த அளவுகளைத் தேதி, நேரத்தோடு ஒரே பக்கத்தில் எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் அன்றைக்கே கொடுங்கள். "ஊழல் நடக்கிறது" என்று எழுதாதீர்கள். "எஸ்டிமேட்டில் 15, நேரில் 10, எம்-புக்கில் ஏற்றும் முன் எங்கள் முன்னிலையில் அளக்கக் கோருகிறேன்" என்று எழுதுங்கள். அளவு சொல்லும் கடிதத்தை ஓரமாக வைப்பது அதிகாரிக்கு எளிதல்ல, ஏனென்றால் அதன்பிறகு எம்-புக்கில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான்.

ஒரு முக்கியமான நிபந்தனை. அந்த வேலையின் ஒப்பந்தத்தில் உங்களுக்கோ, உங்கள் பெயரைச் சொல்லி நடக்கும் யாருக்கோ பங்கு இருக்கக்கூடாது. தன் ஊராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பது உறுப்பினர் பதவியையே பறித்துவிடும்.

கேள்வி: என் மனைவிதான் உறுப்பினர். அவருக்குப் பதிலாக நான் கூட்டத்துக்குப் போகலாமா?

கூடாது. வாசலில் உட்கார்ந்து நோட்டை உள்ளே அனுப்புவதும் கூடாது. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருப்பது அவர்கள் பேசுவதற்காக. உங்களால் உதவ முடியுமென்றால் முந்தின கேள்வியில் சொன்ன கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். கூட்டத்தில் கேட்கவேண்டியவர் அவர்.

கேள்வி: பட்டா, சாதிச் சான்று, ரேஷன் என்று எல்லாவற்றுக்கும் மக்கள் என்னிடம்தான் வருகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் என் கடிதத்தை மதிப்பதில்லை.

அவர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், அவருக்கு மேலே வட்டாட்சியர். அவர் ஊராட்சி நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. ரேஷன் கடையும் வேறு துறை. உங்கள் பரிந்துரைக் கடிதத்துக்குச் சட்டப்படி எடை கிடையாது, அதைக் கொண்டுவரச் சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமையும் கிடையாது. மக்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இ-சேவையில் விண்ணப்பித்து எண் வாங்கித் தருவது, தாமதமானால் அந்த எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பது, இதுவே உண்மையான உதவி. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, குப்பை, தெருவிளக்கு, வடிகால் ஆகியவை ஊராட்சிக்குரியவை. அவற்றில் உங்கள் குரலுக்கு எடை உண்டு.

கேள்வி: தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தொட்டி இயக்குபவருக்குச் சம்பளமே போகவில்லை. உறுப்பினர்கள் என்ன செய்யமுடியும்?

ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவர் ஒப்புதலும் வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை நீங்கள்தான் உங்களுக்குள் தேர்ந்தெடுத்தீர்கள். எனவே அவரிடம் பேசும் உரிமை உங்களுக்கே முதலில். எந்தப் பில்லில் சந்தேகம் என்று அவர் எழுத்தில் சொல்லட்டும், சம்பளம், மின் கட்டணம் போன்றவற்றைத் தனியாகப் பிரித்து ஒப்புதல் தரட்டும். சந்தேகப் பில்லை நிறுத்துவது அவர் கடமை, ஆனால் அதற்காகத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் பட்டினி போட வேண்டியதில்லை. அதுவும் நடக்கவில்லை என்றால் உறுப்பினர்கள் சேர்ந்து மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். நிர்வாகம் முடங்கிய ஊராட்சிகளில் சட்டத்தின் 203-ஆவது பிரிவின்கீழ் நிதி அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஆட்சியர்கள் ஒப்படைத்ததுண்டு. அதன்பிறகு ஒவ்வொரு பில்லும் ஒன்றிய அலுவலகம் போய்த் திரும்பவேண்டும். அங்கே அவர் கையில் இன்னும் பல ஊராட்சிகள் இருக்கும். இதைத் துணைத் தலைவரிடம் முன்பே எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு தொடங்கிவிடும்.