சுவர் வெடிப்பு நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா: கண்ணாடித்துண்டு போதுமா?

கேள்வி: "ஹப்புத்தளைப் பக்கம் தாத்தா காலத்து வீடு, சுவரில் ரெண்டு இடத்தில் வெடிப்பு. மேசன் பாஸ் குறுக்கே கண்ணாடி ஒட்டி ஒரு வருசம் பாருங்கள் என்கிறார். அது சரிவருமா? எப்போது பூசலாம்?"

ஒரு வருடம் பார்க்கச் சொன்னது சரியான பேச்சு, ஆனால் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். பண்டாரவளையில் எங்கள் பழைய வீட்டில் நானும் முதலில் கண்ணாடிதான் ஒட்டினேன், இரண்டு வெடிப்பிலும் ஒவ்வொன்று. இரண்டு மாதத்துக்குள் இரண்டும் உடைந்துவிட்டன. சுவர் அசைந்தது என்பது மட்டும் தெரிந்தது. எவ்வளவு, எந்தப் பக்கம், திரும்பி வந்ததா என்று ஒன்றுமே தெரியவில்லை. பழைய வீட்டுச் சுவர் எல்லாமே கொஞ்சம் அசையும், வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது இயல்பு. அதனால் கண்ணாடி உடைந்ததை வைத்துப் பயப்படவும் முடியாது, உடையாததை வைத்து நிம்மதியாக இருக்கவும் முடியாது, ஏனென்றால் நம் பக்கத்து ஈரத்தில் பசை விட்டுப்போய் கண்ணாடி முழுசாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் நான் செய்தது மூன்று ஸ்க்ரூ. துருப்பிடிக்காத, உருண்டைத் தலை ஸ்க்ரூவாக வாங்குங்கள். வெடிப்பின் ஒரு பக்கம் ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்றாக இரண்டு, எதிர்ப் பக்கம் மேல் ஸ்க்ரூவுக்கு நேர் மட்டத்தில் ஒன்று. இடைவெளி ஆறு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கையாள லேசு. முக்கியமான விஷயம், ஸ்க்ரூ பூச்சில் நிற்கக்கூடாது. பழைய சுண்ணாம்புப் பூச்சு பல இடத்தில் சுவரை விட்டுக் கழன்று நிற்கும், தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் பூச்சை உடைத்து எடுத்துவிட்டு, செங்கல்லிலோ கருங்கல்லிலோ துளை போட்டு, பிளக் வைத்து, எபொக்சியால் இறுக்கிவிடுங்கள். மண் சாந்துப் பொருத்தில் துளைத்தால் ஸ்க்ரூவே ஆடும், நீங்கள் அளப்பது ஸ்க்ரூவின் ஆட்டமாகிவிடும்.

அளப்பதற்கு வேர்னியர் கலிப்பர், ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் ஒன்றே போதும். இரண்டு தலைகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் பிடித்து மூன்று தடவை அளந்து, நடு எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். வெடிப்பே இல்லாத நல்ல சுவரில் இன்னும் இரண்டு ஸ்க்ரூ போட்டு அதையும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். அந்த எண் மாறினால் சுவரைச் சந்தேகப்படுவதற்கு முன் கலிப்பரையும் உங்கள் கையையும் பாருங்கள். எனக்கு அது 0.04 மில்லிமீட்டர் வரை முன்பின் ஆடியது, ஆகவே அதற்கு மேற்படாத எந்த மாற்றத்தையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

நேரமும் முக்கியம். ஒரு பெப்ரவரி நாள் காலை 7 மணிக்கு 60.14 மில்லிமீட்டர் இருந்த அதே ஸ்க்ரூ ஜோடி, சுவரில் வெயில் ஏறிய பிறகு பகல் 2 மணிக்கு 59.98 காட்டியது. செங்கல் சூடேறி விரிந்ததில் வெடிப்பு தன்பாட்டில் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, காலை 7 மணிக்கு மட்டும்தான்.

இனி அந்த ஒரு வருடம் என்ன சொன்னது என்று பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பில் மேல் ஜோடி ஜனவரியில் 60.14. ஏப்ரல் மழையில் 60.06, காய்ந்து காற்றடிக்கும் ஆகஸ்டில் 60.34, நவம்பர் அடைமழையில் 60.00, அடுத்த ஜனவரியில் 60.16. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மட்டும் பார்த்திருந்தால் வெடிப்பு விரிந்துகொண்டே போகிறது என்று பதறியிருப்பேன். ஜனவரிக்கு ஜனவரி வைத்தால் வித்தியாசம் 0.02, அதாவது ஒன்றுமில்லை. போன மாதத்தோடு ஒப்பிடவே கூடாது, போன வருடத்து அதே மாதத்தோடுதான். எங்கள் ஊவாப் பக்கத்தில் ஏப்ரல் மழையும் ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் பெருமழையும் இரண்டும் உள்ளே வர வேண்டும், ஆறு மாதத்தில் முடிவெடுத்தால் அதில் ஒன்று தப்பிவிடும். ஹட்டன் பக்கம் என்றால் மே முதல் செப்டம்பர் வரையான மழைதான் பெரியது, அங்கே அதைத் தவறவிடக் கூடாது.

வீட்டின் கீழ் மூலையிலிருந்த வெடிப்பு வேறு மாதிரி. ஜனவரி 58.40, ஏப்ரல் 58.62, ஆகஸ்ட் 58.64, நவம்பர் 59.30, ஜனவரி 59.32. மழைக்கு மழை ஒரு படி ஏறியது, வெயில் காலத்தில் அங்கேயே நின்றது, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இதுதான் உயிருள்ள வெடிப்பு. வருடத்துக்கு 0.92 என்பது சின்ன அளவுதான், ஆனால் திரும்பாமல் போவதுதான் கவலை.

மூன்றாவது ஸ்க்ரூ உதவியது இங்கேதான். மூலைப் பக்கத்து ஸ்க்ரூவுக்கும் எதிர்ப் பக்கக் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடையிலான சாய்வு அளவு 0.10 மட்டுமே கூடியிருந்தது. சுவர் பக்கவாட்டில் மட்டும் விலகியிருந்தால் அது 0.65 அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். கூடாமல் போனதற்குக் காரணம், மூலை வெளியே போனதோடு கீழேயும் இறங்கியிருக்கிறது. மேல் இரண்டும் ஒரே மட்டம், பக்கங்கள் சம நீளம் என்றால் கணக்கு இதுதான்: சாய்வு மாற்றத்தை 1.41 ஆல் பெருக்கி, மேல் ஜோடியின் மாற்றத்தைக் கழியுங்கள். 0.14 கழித்தல் 0.92, மைனஸ் 0.78. கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் இறக்கம்.

வெளியே போய்ப் பார்த்தால் கூரைப் பீலியின் குழாய் கான் வரை போகாமல் அந்த மூலையின் அத்திவாரத்திலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பெப்ரவரியில் குழாயை நீட்டி, மூலையைச் சுற்றிக் கான் வெட்டி, தண்ணீரைக் கீழ்ச் சரிவுக்கு அப்பால் விட்டோம். வெடிப்பை இன்னும் தொடவில்லை. முதலிலேயே சீமெந்து அடித்திருந்தால் பக்கத்தில் இன்னொரு இடம் பிளந்திருக்கும், அளக்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தக் காத்திருப்பெல்லாம் வீட்டுச் சுவருக்கு மட்டும்தான். வெடிப்பு சுவரோடு நிற்காமல் தரையிலும் முற்றத்து மண்ணிலும் தொடர்ந்து ஓடினால், மேட்டில் நிலம் பிளந்திருந்தால், மரமோ போஸ்டோ புதிதாகச் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால், அணைச்சுவர் வயிறு தள்ளினால், அது சரிவு நகர்வது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு நமக்கெல்லாம் தெரியும். அப்படியென்றால் ஸ்க்ரூவும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம். வீட்டை விட்டு வெளியேறி கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கட்டும்.

கான் வெட்டிய அடுத்த ஜனவரியில் மூலை ஜோடி 59.36, சாய்வு அளவில் மாற்றமே இல்லை. அதன் பிறகுதான் மார்ச்சில், காய்ந்த வாரமாகப் பார்த்து, இரண்டு வெடிப்பையும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். ஸ்க்ரூக்களைக் கழற்றவில்லை, நவம்பர் மழை முடிந்ததும் இப்போதும் ஒரு தடவை அளக்கிறேன்.