முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிரியேட்டின்: என்னிடம் வரும் ஒரு தம்பிக்கு எழுதிய கடிதம்

"ஏசிஎல் சர்ஜரி முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு. தொடை ரொம்ப மெலிஞ்சு போச்சு. ஜிம்ல எல்லாரும் கிரியேட்டின் எடுன்னு சொல்றாங்க, பிசியோ மட்டும் இப்ப வேண்டாம்னு சொல்றார். ஏன்? எப்ப ஆரம்பிக்கலாம்?"

நான் பிசியோதெரபிஸ்ட். ஏசிஎல் என்பது முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார். கிட்டத்தட்ட இதே நிலையில் என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு வாலிபால் ஆட்டக்காரரும் போன மாதம் இதையே கேட்டார். கிளினிக்கில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

கிரியேட்டின் டப்பாவின் படத்தை அனுப்பி "நாளையிலிருந்து ஆரம்பிக்கட்டுமா அக்கா" என்று கேட்டிருந்தீர்கள். நாளைக்கு வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து, நான் கீழே சொல்கிற இரண்டு விஷயம் சரியானதும் ஆரம்பிக்கலாம். அது கெட்ட பொருள் என்பதால் நான் தள்ளிப்போடவில்லை. இன்று உங்கள் தொடை இருக்கும் நிலையில் அதைக் கொண்டு செய்ய அங்கே வேலை எதுவும் இல்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். தசை பலமாகச் சுருங்கும் முதல் சில நொடிகளுக்கு வேண்டிய சக்தியைச் சட்டென்று திருப்பி நிரப்புவது கிரியேட்டின்தான். தசையில் அதன் இருப்பு கூடினால், எட்டு முறை தூக்குகிற எடையை ஒன்பது முறை தூக்க முடியும், அடுத்த செட்டுக்கும் கொஞ்சம் சீக்கிரம் தயாராக முடியும். அந்தக் கூடுதல் உழைப்பு வாரக்கணக்கில் சேர்ந்துதான் தசை வளர்கிறது. ஆகவே பொடியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் தொடை பெருக்காது. கனமான எடையைத் தள்ளுகிறவருக்குத்தான் அதனால் லாபம்.

சரி, நீங்கள் இப்போது தள்ள முடிகிறதா? வியாழக்கிழமை அளந்ததை நினைத்துப் பாருங்கள். முட்டிச் சில்லுக்கு 15 செ.மீ. மேலே இடது தொடை 52 செ.மீ., அறுவை செய்த வலது தொடை 49. ஆனால் சில்லின் நடுவில் சுற்றளவு பார்த்தால் வலதுதான் ஒன்றரை செ.மீ. அதிகம். அது மூட்டுக்குள் தேங்கிய நீர். காலை நீட்டித் தொடையை இறுக்கிக் குதிகாலைத் தூக்கச் சொன்னபோது, தூக்கிய கணத்தில் முட்டி ஐந்து டிகிரி மடங்கிவிட்டது. நீட்டும் பலத்தை அளந்தால் இடது காலில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் வலதில்.

தசை மெலிந்ததால் மட்டும் பலம் பாதியாகவில்லை. மூட்டுக்குள் நீர் இருக்கும்வரை, அங்கிருந்து போகும் நரம்புச் செய்திகள் தண்டுவடத்தில் தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸுக்கான கட்டளையை அடக்கிவைக்கின்றன. நல்ல முட்டிக்குள் 20, 30 மில்லி உப்புநீரை ஏற்றிப் பார்த்த சோதனைகளிலேயே தொடையின் உள்பக்கத் தசை மந்தமாகியிருக்கிறது. வலியே இல்லாவிட்டாலும் இது நடக்கும். நீங்கள் முழு மனதோடு இறுக்கினாலும் தசையின் ஒரு பகுதிக்குக் கட்டளை போய்ச் சேர்வதில்லை. கட்டளை கிடைக்காத தசை நாரில் கிரியேட்டின் நிறைந்திருந்தும் அது சுருங்காது.

இதற்கு நேரடியான சோதனையும் உண்டு. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் ஏசிஎல் அறுவை செய்துகொண்ட 60 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிரியேட்டினும் மறு பாதிக்கு வெற்றுப் பொடியும் 12 வாரம் கொடுத்தார்கள். பலம் திரும்புவதில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன், 2001-இல் பெல்ஜியத்தில், நல்ல ஆரோக்கியமானவர்களின் ஒரு காலுக்கு இரண்டு வாரம் கட்டுப் போட்டு, பிறகு பத்து வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கிரியேட்டின் எடுத்தவர்களின் தொடை சீக்கிரம் பழைய அளவுக்கு வந்தது. ஏன் இப்படி இரண்டு விதமாக வந்தது என்பதற்கு என் கணிப்பு இது: கட்டுப் போட்டவர்களின் மூட்டில் கத்தி படவில்லை, நீர் கோக்கவில்லை. அவர்களால் முழு மூச்சாகப் பயிற்சி செய்ய முடிந்தது. ஆகவே உங்களுக்கும் பலன் இருக்கலாம், ஆனால் சிறியதாகத்தான் இருக்கும். அதுவும் முட்டி அடங்கிய பிறகுதான். ஜிம் நண்பர் சொல்கிற வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அதனால் அந்த இரண்டு வாசலையும் முதலில் தாண்டுவோம். ஒன்று வீக்கம். மல்லாந்து படுத்து, முட்டியின் உள்பக்கப் பள்ளத்தைக் கையால் மேல்நோக்கித் தடவி நீரை விரட்டுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே தடவுங்கள். உள்பக்கத்தில் ஒரு சின்ன அலை எழும்பினால் நீர் இன்னும் இருக்கிறது. இன்று உங்களுக்கு நன்றாகவே எழும்புகிறது. காலையில் ஒரு முறை, பயிற்சி முடிந்து இரவில் ஒரு முறை பாருங்கள். இரவில் கூடியிருந்தால் அன்று நடந்ததோ செய்ததோ அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, குதிகாலைத் தூக்கும்போது முட்டி மடங்கக் கூடாது. அதற்காகத்தான் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை நீட்டச் சொல்கிறேன், மின் தூண்டலை வைத்துக்கொண்டே தொடையை இறுக்கச் சொல்கிறேன். சலிப்பாக இருக்கிறது என்றீர்கள். இந்த இரண்டு வாரத்தில் எந்தப் பொடியையும்விட உங்களுக்கு அதிகம் தரக்கூடியது அதுதான், தம்பி.

இந்த இடைவெளியில் ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். பொடி தொடங்கும் முன்பே கிரியாட்டினின் அளவு கையில் இருக்க வேண்டும். தசையில் உள்ள கிரியேட்டின் தினமும் கொஞ்சம் உடைந்து கிரியாட்டினினாக மாறி, சிறுநீரகம் வழியாக வெளியேறும். பொடி எடுக்கும்போது உடைவதும் கூடுவதால் ரத்தத்தில் அந்த எண் லேசாக ஏறலாம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் சிவப்பாகத் தெரியும், வீடே பயந்துபோகும். முன்பு 1.0 இருந்து பிறகு 1.2 ஆனால், பழைய எண் இருப்பதால் நிதானமாகப் பேசலாம். சந்தேகம் தீராவிட்டால் சிஸ்டாட்டின் சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அது கிரியேட்டினால் ஏறாது. ஆரம்ப எண்ணே அதிகமாக இருந்தால், அல்லது ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால், சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வலி வந்தால் ஏசிக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு உண்மையாகவே பாரம். தினமும் அது தேவைப்படுகிற நிலை இருந்தால் கிரியேட்டினை ஆரம்பிக்காமல் முதலில் உங்கள் எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள்.

ஆரம்பிக்கும்போது முதல் வாரம் 20 கிராம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அது தேவையில்லை. ஒரு வாரத்தில் தசை நிறைவதற்காகச் சொல்லப்படும் அளவு அது. தினம் 3 கிராம் எடுத்தாலும் நாலு வாரத்தில் ஏறக்குறைய அதே நிறைவு வந்துவிடும். நமக்குப் பல மாதம் இருக்கிறது, அவசரம் இல்லை. மொத்தமாகப் பெரிய அளவு எடுத்தால் வயிற்றுப்போக்கும் வரும். நீங்கள் 68 கிலோ. தினம் 3 முதல் 5 கிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். காலையா மாலையா என்பது பெரிய விஷயம் இல்லை, தினமும் எடுப்பதுதான் விஷயம். சாதாரண மோனோஹைட்ரேட் போதும், விலை கூடிய மற்ற வகைகள் அதைவிட மேல் என்று காட்டப்படவில்லை. டப்பாவில் கிரியேட்டின் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஊக்கப் பொருள் கலந்த பொடி வேண்டாம்.

நீங்கள் முட்டையோடு நிறுத்திக்கொள்கிறவர். கிரியேட்டின் நமக்கு இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. ஆகவே உங்கள் தசையில் இருப்பு குறைவாகவே இருக்கும், சாப்பிடத் தொடங்கினால் ஏற்றமும் கொஞ்சம் அதிகமாக இருக்கும். உங்கள் விஷயத்தில் நான் ஒரேயடியாக மறுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த மூன்று நாள் சாப்பாட்டில் புரதம் 50 கிராமைச் சுற்றித்தான் வருகிறது. உங்கள் எடைக்கு இப்போது நூறாவது வேண்டும். காலை இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் சோற்றைக் குறைத்துப் பருப்பும் தயிரும் கூட்டி, மாலையில் சுண்டல், இரவில் பனீரோ சோயாவோ என்று முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தசை கட்ட வேண்டிய சரக்கு புரதம்தான், கிரியேட்டின் அந்தச் சரக்கு இல்லை.

இனி கவனமாகப் படியுங்கள். ஆரம்பித்த சில வாரத்தில் எடை அரை கிலோ, ஒரு கிலோ கூடலாம். அது தசைச் செல்லுக்குள் போன தண்ணீர், உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். அது ஒரு முட்டியை மட்டும் வீங்க வைக்காது. ஆகவே வலது முட்டி வீங்கினால் "பொடி போட்டதால் நீர் கோத்திருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள், பயிற்சி அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் எனக்குக்கூடப் போன் செய்து நேரம் போக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தாலும் அப்படியே. முட்டி சிவந்து காய்ச்சல் அடித்தால் அன்றே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. உங்களுக்குத் தொடையின் பின்தசை நாரை எடுத்து ஏசிஎல் கட்டியிருக்கிறார்கள். வைத்த நார் முதல் சில மாதங்களில் பலவீனப்பட்டு, பிறகுதான் மெல்ல உறுதியாகும். கிரியேட்டின் அதை ஒரு நாள்கூட முந்த வைக்காது. தசை பலமானதும் "நல்லா இருக்கே" என்று தோன்றும், அந்த நேரத்தில்தான் பலர் குதித்துப் பார்க்கிறார்கள். எடை வைத்து முட்டியை முழுதாக நீட்டும் மெஷினையும், பின்தசையை மடக்கும் மெஷினையும் நான் சொல்லும்வரை தொடாதீர்கள். ஒன்பது மாதத்துக்கு முன் வலையருகே குதிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், அதன்பின்னும் வலது காலின் பலம் இடதில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும்.

வாசல் இரண்டும் திறந்ததும் வாரம் மூன்று நாள் ஒற்றைக்கால் லெக் பிரஸ், மூன்று செட், கடைசி இரண்டு முறை தள்ளச் சிரமப்படுகிற எடையில். எடையையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதுங்கள். பொடியை 12 வாரம் எடுத்த பிறகு பலத்தை மறுபடி அளப்போம், நோட்டையும் வைத்துப் பார்ப்போம். தள்ளும் எடை ஏறவே இல்லையென்றால் பொடிக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, வேறு எங்கே தடை என்று தேடுவோம்.

வரும் வியாழன் ரத்த ரிப்போர்ட்டோடு வாருங்கள். டப்பாவையும் எடுத்து வாருங்கள், லேபிளைச் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அக்கா

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பிசியோ "இப்ப வேண்டாம்" என்று சொன்னதன் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் முட்டியை நான் பார்க்கவில்லை. குதிகாலைத் தூக்கும்போது முட்டி மடங்குகிறதா, நீர் எவ்வளவு இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் எடை வைக்கும் நாள் இன்னும் தள்ளிப்போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.