8,080 என்று எழுதி வந்த சீட்டு

கேள்வி: பில்லில் மொத்தத் தொகை கூடுதலாகப் போடப்பட்டிருப்பதை ஒரு பள்ளிக் குழந்தை கண்டுபிடித்த அனுபவம் யாருக்காவது உண்டா? எப்படிக் கண்டுபிடித்தது?

என் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது அப்படி ஒன்று நடந்தது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாங்கள் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி டவுனில் உள்ள ஒரு மொத்தக் கடையிலிருந்து லோடு ஆட்டோவில் சரக்கு வரும். சரக்கோடு கையால் எழுதிய சீட்டும் வரும். அதைப் பார்த்து ஓட்டுநரிடமே பணத்தைக் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம்.

அந்த வாரம் அவளுடைய கணக்கு ஆசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வரும் ஏதாவது ஒரு பில்லை எடுத்துப் பொருள், அளவு, விலை, தொகை என்று நான்கு கட்டங்களில் எழுத வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு தொகையையும் கிட்டிய நூறுக்கு முழுமையாக்கி, முதலில் உத்தேச மதிப்பையும் அடுத்துச் சரியான கூட்டுத்தொகையையும் கண்டு, இரண்டையும் பில்லில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். ஓட்டுநர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சீட்டை என்னிடமிருந்து வாங்கி, சீனி மூட்டையின் மேல் அமர்ந்து எழுதத் தொடங்கினாள்.

சீட்டில் 7 வரிகள் இருந்தன. துவரம்பருப்பு 10 கிலோ 138 ரூபாய் வீதம் 1,380. உளுந்தம்பருப்பு 10 கிலோ 124 வீதம் 1,240. சீனி 25 கிலோ 44 வீதம் 1,100. தேங்காய் எண்ணெய் 12 பாக்கெட் 185 வீதம் 2,220. மிளகாய் வத்தல் 3 கிலோ 210 வீதம் 630. புளி 4 கிலோ 145 வீதம் 580. பொரிகடலை 5 கிலோ 96 வீதம் 480. அடியில் கோடு போட்டு மொத்தம் 8,080 என்று எழுதியிருந்தது.

நான் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தேன். "அப்பா, ரூவா குடுக்காதிய, இதுல கூட்டல் கூடிருக்கு" என்றாள். கூட்டிப் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் சரியாகக் கூட்டவில்லை, உத்தேசம் மட்டும்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்லித் தாளைக் காட்டினாள். 1,400, 1,200, 1,100, 2,200, 600, 600, 500 என்று வரிசையாக எழுதியிருந்தாள், கூட்டினால் 7,600. உத்தேசம் என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தானே செய்யும் என்று நான் சொன்னதற்கு அவள் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது. நூறுக்கு முழுமையாக்கும்போது ஒரு வரியில் அதிகம் போனால் 50 ரூபாய்தான் மாறும், 7 வரிக்கும் சேர்த்தாலும் 350 ரூபாய்க்கு மேல் மாற வழியில்லை, ஆனால் இங்கே 480 ரூபாய் வித்தியாசம் வருகிறது என்றாள். ஆசிரியை அந்த அளவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாரா, அவளே யோசித்தாளா என்று அப்போது நான் கேட்கவில்லை. எப்படியிருந்தாலும், சீட்டில் பிழை இருக்கிறது என்று அடித்துச் சொல்ல அந்த ஒரு வாதமே போதும். சரியான கூட்டல் கூடத் தேவையில்லை.

அதன் பிறகு அவள் மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டினாள். இரண்டு முறையும் 7,630 வந்தது. கீழிருந்து கூட்டச் சொன்னது நான். ஒரே திசையில் மறுபடியும் கூட்டினால், முதலில் தவறிய இடத்திலேயே மனம் மறுபடியும் தவறும் என்று என் அப்பா சொல்வார். நானும் கால்குலேட்டரில் போட்டேன், அதே 7,630. எங்களிடம் 450 ரூபாய் அதிகமாகக் கேட்கப்பட்டிருந்தது.

மொத்தக் கடை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "மிஷின்ல போட்டதுலா, எப்படித் தப்பும்?" என்றார். அவர் ஏமாற்றுகிறவர் அல்லர், ஆகையால் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. தவறு எங்கே நடந்தது என்று சொல்லிவிட்டால் அவரே ஒப்புக்கொள்வார் என்று தோன்றியது. என் அப்பா சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கும்போது தொகை ஒவ்வாவிட்டால், முதலில் வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 450 ஒன்பதால் வகுபடும். இலக்கங்கள் நூறின் இடத்துக்கும் பத்தின் இடத்துக்கும் இடையே மாறினால், வித்தியாசம் அந்த இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டைப் போல் 90 மடங்கு இருக்கும். 450ஐ 90 ஆல் வகுத்தால் 5. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் 5 வேறுபாடுள்ள இலக்கங்கள் எந்த வரியில் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். மகள் விரலை வைத்துக்கொண்டே வந்து, முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு, மீதி 6 வரிகளையும் விடாமல் பார்த்தாள். 1,380இல் மட்டுமே 3உம் 8உம் இருந்தன. 1,380 என்பதை 1,830 என்று அழுத்தியிருந்தால் சரியாக 450 கூடும்.

ஒன்பதால் வகுபடுவது துப்பு மட்டுமே, சாட்சி ஆகாது என்பதையும் அவளிடம் சொன்னேன். இரண்டு தனித்தனிப் பிழைகள் சேர்ந்தும் 450 வரலாம். அதனால் அண்ணாச்சியிடம் "துவரம்பருப்புத் தொகையை 1,830 என்று போட்டுக் கூட்டிப் பாருங்கள்" என்று மட்டும் கேட்டேன். கார்பன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அவர் பொத்தான்களை அழுத்தும் ஓசை போனில் கேட்டது. 8,080 வந்துவிட்டது. "பிள்ளையா கண்டுபிடிச்சுது?" என்று இரண்டு முறை கேட்டார். சீட்டில் 8,080ஐ அடித்துவிட்டு 7,630 என்று எழுதச் சொன்னார். அந்தத் தொகையை ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பினேன்.

பயிற்சித்தாளில் ஒரு குறை இருந்ததை அன்று இரவு கவனித்தோம். தொகைக் கட்டத்தில் உள்ளதை அப்படியே எழுதிக் கூட்டினால், அளவையும் விலையையும் பெருக்கியதிலேயே பிழை இருந்தாலும் கூட்டல் சரியாகத்தான் தெரியும். சீட்டில் 1,830 என்றே எழுதியிருந்தால் அவளுடைய உத்தேசமும் அதற்கேற்ப உயர்ந்து, 8,080 எங்களை ஏமாற்றியிருக்கும். அதனால் அவள் தாளின் ஓரத்தில் ஐந்தாவது கட்டம் ஒன்று வரைந்து, "நான் பெருக்கியது" என்று தலைப்பிட்டு, 7 வரிகளையும் பெருக்கிச் சரிபார்த்தாள். விலையே தவறாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் கட்டத்தாலும் பிடிக்க முடியாது. அதற்காக இப்போது நான் ஆர்டர் சொல்லும்போதே போனில் விலையைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னாள். மத்தியானம் வரைக்கும் கூட்டி, ஒரே ஒரு சீட்டில் பிழை கண்டாள். அதில் 100 ரூபாய் குறைவாகப் போட்டிருந்தார்கள், நாங்களும் குறைவாகவே கொடுத்திருந்தோம். "இதையும் அண்ணாச்சிட்ட சொல்லணும்லா?" என்று கேட்டாள். போனை அவளிடமே கொடுத்தேன்.