ரப்பர் தோட்டத்து வீட்டில் சிக்னல்: சிம், ஆண்டெனா, பூஸ்டர்

"வீடு குலசேகரம் பக்கம், சுத்தி ரப்பர் தோட்டம். மாடியில பேசலாம், வீட்டுக்குள்ள வந்தா கட் ஆகிடுது. பூஸ்டர் வாங்கலாமா, ஆண்டெனா போதுமா, இல்ல சிம்ம மாத்தணுமா?"

முதலில் சிம்மைப் பாருங்கள், பிறகு ஆண்டெனா. பூஸ்டர் வேண்டாம். உங்கள் தோட்டம் வரை பைபர் இணைப்பு வராது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வருமென்றால் அதை வாங்கி, டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே பேச வைக்கும் வைஃபை காலிங் போட்டாலே போதும், மற்ற செலவு எதுவும் தேவையில்லை.

திரையில் தெரியும் கோடுகளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் `*#*#4636#*#*` அழுத்தியோ NetMonster செயலி வழியாகவோ, போனுக்கு வந்து சேரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் RSRP எண்ணைப் பாருங்கள். -90 என்றால் நல்ல சிக்னல், -105 வரை சமாளிக்கலாம், -115-க்குக் கீழே போனால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். அக்கம்பக்கத்தாரிடம் வேறு வேறு கம்பெனி சிம் உள்ள போன்களை வாங்கி, மாடியில் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொன்றாக அளந்து எழுதி வையுங்கள். கூடவே எந்த பேண்ட் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜியோவின் பேண்ட் 5 (850 மெகாஹெர்ட்ஸ்), பிஎஸ்என்எல் 4ஜியின் பேண்ட் 28 (700) போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் இலையையும் சுவரையும் ஓரளவு தாண்டி வரும். பேண்ட் 40 (2300) அடர்ந்த ரப்பர் இலையில் வெகுவாகக் குறைந்துவிடும். "பேண்ட் 40-இல்தானே வேகம்" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் டவர் கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும்போது அளந்தால் எண் நன்றாகவே காட்டும். தளிர் விட்டு இலை மூடி, மழையில் நனைந்த பிறகு அதே இடத்தில் அந்த எண் நிற்காது. அதனால் இலை நிறைந்திருக்கும் காலத்தில் அளந்த கணக்கையே நம்புங்கள்.

இனி ஆண்டெனா. மாடியில் -100, உள்ளே -118 என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் தின்றது 18 டெசிபெல். மாடியில் 10 டெசிபெல் திறனுள்ள, ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் எல்பிடிஏ ஆண்டெனா வைத்து, ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளில் 10 மீட்டர் கீழே, சிம் போடும் 4ஜி ரவுட்டருக்கு இறக்கினால் 1800 மெகாஹெர்ட்ஸில் 7 டெசிபெல் கேபிளிலேயே போய்விடும். கையில் மிஞ்சுவது 3. பலர் "ஆண்டெனா போட்டும் பிரயோஜனம் இல்லை" என்று சொல்வது இதனால்தான். எல்எம்ஆர்-400 தடிக் கேபிள் என்றால் அதே நீளத்துக்கு 2 டெசிபெல்தான் போகும். அதைவிட நல்ல வழி, அந்த ரவுட்டரை மாடிப்படி அறையிலேயே வைத்து, ஆண்டெனா கேபிளை 2 மீட்டருக்குள் முடித்து, அங்கிருந்து லேன் கேபிளைக் கீழே இறக்குவது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

ரவுட்டரில் 4ஜி ஆண்டெனாவுக்கென்று இரண்டு எஸ்எம்ஏ துளைகள் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். வைஃபை ஆண்டெனாவுக்கான ஆர்பி-எஸ்எம்ஏ கனெக்டரும் அதே மரையில் ஏறிவிடும், ஆனால் நடுவில் ஊசி தொடாது. இரண்டு துளைக்கும் இரண்டு ஆண்டெனா வேண்டும். ஒன்றை வலப்பக்கம் 45 டிகிரி, மற்றதை இடப்பக்கம் 45 டிகிரி சாய்த்து, இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்புங்கள். டவர் இருக்கும் பக்கத்தை tarangsanchar.gov.in தளத்தில் பார்க்கலாம். 15 டிகிரி வீதம் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து, ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே என்று காட்டும் SINR எங்கே அதிகம் என்று பாருங்கள். மரம் அடைத்த திசையைவிட ரோடு போகும் இடைவெளி பல நேரம் நல்ல எண் தரும். கனெக்டர்களில் தண்ணீர் புகாத ரப்பர் டேப் சுற்றுங்கள். ஆண்டெனா குழாய்க்கு எர்த் கொடுங்கள். ஐப்பசி இடி தொடங்கினால் கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

பூஸ்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? இந்தியாவில் தனியார் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இலேயே அறிவித்துவிட்டது. காரணமும் நியாயமானது. வெளி ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் ஒன்றையொன்று கேட்க ஆரம்பித்தால் மைக் ஊளையிடுவது போலக் கருவி அலறும். அந்த இரைச்சல் டவர் வரை போய் அக்கம்பக்கத்து வீடுகளின் பேச்சையும் அறுக்கும். இதைச் சொல்லாமல் ஆன்லைனில் விற்கிறார்கள், அபராதம் வந்தால் வாங்கியவர் தலையில் விழுகிறது. இன்னொரு வயிற்றெரிச்சல்: சிக்னல் இல்லை என்று சிம் கம்பெனியிடம் புகார் கொடுத்தால் ஆள் வந்து ரோட்டில் நின்று அளந்து, "சிக்னல் இருக்கே" என்று புகாரை மூடிவிடுவது. வீட்டுக்குள் வைத்து எடுத்த RSRP ஸ்கிரீன்ஷாட்டைப் புகாரோடு இணையுங்கள்.

ரவுட்டர் ஓட ஆரம்பித்ததும் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். போனில் இருக்கும் சிம்மும் அதற்கு ஆதரவு தர வேண்டும். வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் சாதாரண பட்டன் போனில் இது வேலை செய்யாது. கரண்ட் போனால் ரவுட்டரோடு பேச்சும் போகும் என்பதால், 12 வோல்ட் ரவுட்டர் யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.