பாட்டைத் தேடும் முன் உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: அடுத்த மாசம் முதல் தடவையா ஒரு பாட்டு ஆடிஷனுக்குப் போறேன். எந்தப் பாட்டு எடுக்கிறது? நாலு பேர் முன்னாடி நின்னாலே குரல் நடுங்குது, என்ன பண்ணலாம்?

நீங்கள் இந்நேரம் ஏழெட்டுப் பாட்டை எழுதி வைத்துக்கொண்டு, எதைப் பாடினால் அசந்துபோவார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் இதில் குறை சொல்லலாம். நான் சொல்வது மெல்லிசைக் குழு ஆடிஷனைப் பற்றி மட்டும்தான், கச்சேரி மேடைக்குப் போகிறவர்களுக்கு வழி வேறு.

எனக்குக் குடியாத்தம். வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே உரக்கப் பாடிப் பழகியவள். வேலூரில் ஒரு குழுவுக்குப் பாடகி தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, செல்போனில் கரோக்கி போட்டு இரண்டு மாதம் பாடினேன். பாட்டின் பெயரைச் சொன்னால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும், விடுங்கள். பஸ் கே.வி.குப்பம் தாண்டும்போதே உள்ளங்கை ஜில்லென்று ஆகிவிட்டது.

ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துத்தான் ஆடிஷன். கீபோர்டு வாசிக்கிறவர், "எந்த ஸ்கேல்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போனில் டிராக் இருக்கிறது என்றேன். டிராக்கெல்லாம் வேண்டாம், சும்மா பாடு, ஒரு பல்லவி ஒரு சரணம் போதும் என்றார்கள். பாடினேன். பல்லவி நன்றாகவே வந்தது, ஒருவர் தலைகூட ஆட்டினார். சரணத்தின் மூன்றாவது வரியில் மேலே போகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. அப்படியே நின்றுவிட்டேன். சரி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

பின்வரிசையிலிருந்து தம்பி போனில் பதிவு செய்திருந்தான். எங்கள் தெரு பஜனை கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற தாத்தாவிடம் அதையும், வீட்டில் டிராக்கோடு பாடிய பதிவையும் எடுத்துப் போனேன். போனைப் பெட்டி மேல் வைத்து ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "வூட்ல அஞ்சரைல பாடிகினு இருந்த. அங்க ஆறரைல எடுத்துட்ட. அதான் மேல எட்டல" என்றார். அஞ்சரை, ஆறரை என்பது சுருதியின் கட்டை, எண் ஏற ஏறச் சுருதியும் உயரும். கீபோர்டுக்காரர் ஸ்கேல் என்று கேட்டதும் இதைத்தான்.

பாதி விஷயம் அவ்வளவுதான். பயத்தில் கழுத்தும் தொண்டையும் இறுகும், மூச்சு மேலாக ஓடும், நம்மை அறியாமலேயே பாட்டை உயர்த்தி எடுப்போம். என் பாட்டு சரணத்தில் மேல் மத்யமம் வரை போகிறது. 5½ கட்டையில் என்னால் சிரமமில்லாமல் தொட முடிந்த கடைசி ஸ்வரமும் அதுதான். 6½-ல் எடுத்தால் அதே மத்யமம், 5½-இன் மேல் பஞ்சமம் இருக்கிற இடத்துக்குப் போய்விடும். அந்த இடத்தை வீட்டில் நிம்மதியாகப் பாடும்போதே நான் தொட்டதில்லை. ஆடிஷனில் எப்படித் தொடுவேன்?

அதனால் முதலில் உங்கள் எல்லையைப் பாருங்கள். போனில் ஏதாவது ஒரு தம்புரா செயலியைப் போட்டு, எழுந்தவுடன் இல்லாமல் குரல் திறந்தபிறகு, ஸட்ஜமத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக 'ஆ' என்று நான்கு எண்ணிக்கை நிறுத்தி மேலே போங்கள். எங்கே தாடை தூக்குகிறதோ, குரலைத் தள்ள வேண்டியிருக்கிறதோ, அதற்கு முந்தின ஸ்வரம்தான் உங்கள் எல்லை. ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மூன்று நாளாவது பாருங்கள். கீழேயும் அதே மாதிரி, எங்கே வெறும் காற்றாகிறதோ அதுவரை.

அப்புறம் பாட்டுக்கு வாருங்கள். எல்லோரும் பல்லவியைக் கேட்டுத்தான் பாட்டைப் பிடிக்கிறோம், ஆனால் பெரும்பாலான சினிமாப் பாட்டில் உச்சி சரணத்தில் இருக்கிறது. அந்த உச்சி உங்கள் எல்லைக்கு ஒரு கட்டையாவது கீழே நிற்கிற மாதிரி சுருதியை வையுங்கள். பயத்தில் ஏறுகிற அந்த ஒரு கட்டைக்கு அப்போதுதான் இடம் இருக்கும். அப்படி இறக்கியதும் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் காற்றானால் பாட்டையே மாற்றிவிடுங்கள், அந்தப் பாட்டு உங்கள் குரலுக்கு இல்லை. கரோக்கி டிராக் என்பது அசலாகப் பாடியவருடைய சுருதி. அதிலேயே பழகிவிட்டு நம் சுருதி என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஆடிஷனில் நான் பாட்டை நிறுத்திவிட்டு, "அண்ணா, வெளியே வெயிட் பண்ணிகினு இருக்கட்டுமா?" என்று கேட்டதும் இரண்டு பேர் சிரித்தார்கள். வேலூர்ப் பாஷையை வைத்துக்கொண்டு பாட்டில் உச்சரிப்பு எப்படி வரும் என்று ஒருவர் சொன்னார். சுருதி போனது நிஜம், அதைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். நான் பாடியதில் ஒரு ழகரம்கூடத் தப்பவில்லை, பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டில் பேசுகிற பேச்சு வேறு, பாட்டில் வருகிற எழுத்து வேறு. இதைப் பாட்டு கேட்டுத் தேர்வு செய்கிறவர்களே புரிந்துகொள்ளாதது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

நடுக்கத்துக்கு வருகிறேன். தாத்தாதான் சொன்னார், நிம்மதியாக உட்கார்ந்து பாடிப் பழகினால் நிம்மதியில் மட்டும்தான் பாட்டு வரும் என்று. அதனால் மாடிப்படியை மூன்று தடவை ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே சுருதியைப் பிடித்துப் பாடிப் பதிவு செய்தேன். முதல் வாரம் கேட்கவே முடியவில்லை. வீட்டில் 24 விநாடி வருகிற பல்லவி 19 விநாடியில் முடிந்திருந்தது, வரி முடியும் முன்பே மூச்சை எடுத்திருந்தேன். எந்தச் சொல்லுக்குப் பின்னால் மூச்சு எடுக்கிறோம் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் வேகம் பழைய நிலைக்கு வந்தது. நடுக்கம் போகவில்லை, ஆனால் நடுங்கிக்கொண்டே அந்த இடத்தில் மூச்சு எடுக்கத் தெரிந்துவிட்டது.

போகும்போது தம்புரா இருக்கிற போனைக் கையிலேயே வைத்திருங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் பாடும்போது அவர் சுருதி காதில் ஏறிக்கொள்ளும், அதனால் வெளியே வந்து உங்கள் ஸட்ஜமத்தைக் காதோடு வைத்து மெதுவாக முனகிக்கொண்டே இருங்கள். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும். பயத்தில் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். அது குரல் நாணில் நேராகப் படுவதில்லை, குரலுக்கு வேண்டிய தண்ணீரை முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும், அதுவும் நம்மூர் வெயிலில். கூப்பிட்டதும் பெயரைச் சொல்லி, கட்டையைச் சொல்லி, ஸட்ஜமத்தை ஒரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், வாசிக்கிறவர்களுக்கு அது பிடிக்கும்.

எட்டு மாதம் கழித்து வேறொரு குழுவில் அப்படித்தான் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு எனக்கு மூன்று பாட்டு கொடுத்தார்கள். அதில் ஒன்று அன்றைக்கு உடைந்த அதே பாட்டு, 4½ கட்டையில் பாடினேன்.