மூன்றாவது மணி நேரத்திலும் கை ஓட: சட்டத் தேர்வுக்கு எட்டு வார எழுத்துப் பயிற்சி

*கேள்வி: சட்டத் தேர்வு மூன்று மணி நேரம். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். இரண்டு மணி நேரம் தாண்டியதும் கட்டைவிரலும் முன்கையும் இறுகிவிடுகின்றன. ஐந்தாவது பதில் எப்போதும் அரைகுறைதான். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் எழுதிப் பார்த்தால் வேகம் கூடுமா?*

கூடாது. எடுத்த எடுப்பில் தினம் இரண்டு மணி நேரம் என்று இறங்கினால் இரண்டாவது வாரத்தில் மணிக்கட்டு வலியோடு உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் பிரச்சினை பெரும்பாலும் வேகக் குறைவே அல்ல. தொடங்கும்போது இருக்கும் வேகம் கடைசிவரை நிற்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் பயிற்சிக்கு முன் அளந்து பாருங்கள்.

சொற்களை எண்ண வேண்டாம், வரிகளை எண்ணுங்கள். தமிழில் எழுதுகிறவருக்குச் சொல் நீளம், ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் குறைவு. வரிக்கணக்கு இருவருக்கும் பொருந்தும். தேர்வில் தரும் தாளைப் போலவே கோடு போட்ட தாளில், முதலில் ஏதாவது ஒரு பாடப் பக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு, நன்றாகத் தெரிந்த ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் சொந்தமாகப் பதில் எழுதுங்கள். வேறொரு நாள், பழைய வினாத்தாளை வைத்து முடிந்தவரை தொடர்ந்து எழுதி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டு வாருங்கள். வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், அந்த நேரமும் ஒரு அளவுதான்.

உதாரணத்துக்கு எண்கள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: பார்த்து எழுதினால் பத்து நிமிடத்தில் 30 வரி, சொந்தமாக எழுதினால் 21. பழைய வினாத்தாளில் பத்து நிமிடத்துக்கு முதல் மணி நேரத்தில் 21, இரண்டாவதில் 19, மூன்றாவதில் 15. மூன்று மணி நேரத்தில் கேள்வி படிக்க 10 நிமிடம், கடைசியில் திருப்பிப் பார்க்க 5 நிமிடம் போனால் மீதி 165. பதிலுக்கு 33 நிமிடம். அதில் 5 நிமிடம் குறிப்புப் போட என்றால் எழுத 28 நிமிடம், அதாவது ஏறக்குறைய 59 வரி. வேகம் சரிந்ததால் இரண்டாவது, மூன்றாவது மணி நேரங்களில் இழந்தது எவ்வளவு? மணிக்கு 47 நிமிடம் எழுத்து என்று கணக்கிட்டால் சுமார் 38 வரி. உங்கள் ஐந்தாவது பதிலில் பாதிக்கும் மேல் அங்கேதான் போனது. 30-ஐ 33 ஆக்கப் பாடுபட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. 30 வரி முடியும் என்று கை முன்பே காட்டிவிட்டது. 21-இல் நிறுத்துவது யோசனை, 15-க்கு இறக்குவது களைப்பு.

களைப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துத் தட்டுப்பட்டால் பேனாவை வேண்டியதைவிட அதிகமாக அழுத்துகிறீர்கள். அந்த அழுத்தம் கட்டைவிரலில் தொடங்கி முன்கைத் தசைவரை போகிறது. அந்தத் தசைகள் மூன்று மணி நேரமும் தளராமல் இழுத்துப் பிடித்தபடியே இருப்பதுதான் நீங்கள் சொல்லும் இறுக்கம். இதற்கு மிக எளிய மாற்றம் பேனாதான். பால்பாயிண்ட் பேனாவுக்கு அழுத்தம் தேவை, ஜெல் பேனாவுக்கும் திரவ மை பேனாவுக்கும் மிகக் குறைவு. பிடி சற்றுத் தடிமனாக இருந்தால் விரல்கள் அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. இடது கைக்காரர்கள் மட்டும் சீக்கிரம் காயும் மையாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதியதெல்லாம் கையோடு தேய்ந்து வரும். பேனாவை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள், தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம்.

அடுத்தது கை நகரும் விதம். பலர் மணிக்கட்டை மேசையில் ஊன்றிவிட்டு விரல்களை மட்டும் ஆட்டி நாலு சொல் எழுதுவார்கள். பிறகு கையைத் தூக்கி நகர்த்தி, மறுபடி ஊன்றுவார்கள். வரிக்கு இரண்டு மூன்று முறை இது நடக்கும். அதற்குப் பதில் சுண்டுவிரல் பக்கம் தாளில் வழுக்கிக்கொண்டே போக, முன்கை முழுவதும் இடமிருந்து வலமாக நகர வேண்டும். அதற்கு முன்கையின் பெரும்பகுதி மேசைமேல் இருக்க வேண்டும், தோள் உயரக் கூடாது. வலது கைக்காரர்கள் தாளின் மேல்முனையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டால் கை இயல்பாக ஓடும், இடது கைக்காரர்கள் வலப்பக்கம். கையெழுத்து பாணியையே மாற்ற எட்டு வாரம் போதாது. அந்த ஆசை வேண்டாம்.

கை வலுவாக ரப்பர் பந்து பிழியலாமா என்று பலர் கேட்பதுண்டு. பிடிக்கும் தசை ஏற்கெனவே அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருக்கிறது, அதற்கு மேலும் வேலை கொடுப்பது வீண். தளர்த்தப் பழகுவதுதான் தேவை. ஒரு பதில் முடிந்ததும் பேனாவை வைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, விரல்களை விரித்து 20 விநாடி விடுங்கள். நாலு இடைவெளிக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

இனி யோசனையில் போகும் நேரம். சட்ட விடையில் அது இரண்டு இடங்களில் கசிகிறது. ஒன்று, சட்ட விதியைச் சொல்லும் வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோர்ப்பது. பாடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து விதிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றையும் மூன்று வரிக்குள் அடக்கி ஒருமுறை எழுதி வையுங்கள். பிறகு பயிற்சி நாட்களில் மூன்று நாலு விதிகளைப் பார்க்காமல் எழுதுங்கள். சில வாரங்களில் அந்த வரிகளைக் கையே எழுதிவிடும், அந்த நேரத்தில் மனம் அடுத்த பத்தியை யோசிக்கலாம்.

இன்னொன்று, கேள்வியில் உள்ள கதையைத் திருப்பி எழுதுவது. காணாமல் போன நாய்க்கு ஒருவர் பரிசு அறிவிக்கிறார், அந்த அறிவிப்பு தெரியாத ஒருவர் நாயைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் பிறகு பரிசு கேட்கிறார் என்று கேள்வி. வழக்கமான பதில் இப்படித் தொடங்கும்: "கொடுக்கப்பட்ட பிரச்சினையில் ‘அ’ என்பவர் தம்முடைய நாய் காணாமல் போனதால் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவிப்பு வெளியிட்டுள்ளார். ‘ஆ’ என்பவர்..." ஆறு வரி போயிற்று, மதிப்பெண் ஒன்றும் வரவில்லை. அதையே இப்படி எழுதலாம்: "உலகத்துக்கே விடுத்த முன்மொழிவைச் செயலால் ஏற்கலாம் (கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி, 1893). ஆனால் கார்லில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் செயல்பட்டார். ‘ஆ’வுக்கு அறிவிப்பே தெரியாது, எனவே ஏற்பு இல்லை." சுமார் நாலு வரி. கதையும் வந்துவிட்டது, விதியும் வந்துவிட்டது, இரண்டையும் பொருத்தியும் ஆயிற்று. அதற்குப் பிறகு "கார்லில் வழக்கு" என்று சொன்னால் போதும், முழுப் பெயரை மறுபடி எழுத வேண்டாம். பதிலுக்கு நாலைந்து வரி இப்படி மிச்சமானால் ஐந்து பதிலுக்கு 20, 25 வரி. அதுவும் கை வலியில்லாமல்.

இப்போது அட்டவணை. முதல் வாரம் நாலு நாள், நாளுக்கு 20 நிமிடம் விதிகளை மட்டும், வேண்டுமென்றே மெதுவாக, பிடியைத் தளர்த்தி எழுதுங்கள். அளவெடுப்பதும் இந்த வாரத்தில்தான். இரண்டாவது வாரம் நாலு நாள், நாளுக்கு ஒரு முழுப் பதில், 33 நிமிடம் கடிகாரம் வைத்து. மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு "நீண்ட நாள்" வரும். மூன்று, நாலு வாரங்களில் அன்று இரண்டு பதில்கள் தொடர்ச்சியாக. ஐந்தாவது வாரம் மூன்று பதில்கள், ஆறாவது வாரம் நாலு. ஏழாவது வாரம் முழுத் தாள், தேர்வு நடக்கும் அதே நேரத்தில். நீண்ட நாளுக்கு மறுநாள் கைக்கு முழு ஓய்வு, படிப்பது மட்டும். மற்ற இரண்டு மூன்று நாட்களில் 25 நிமிடம் விதிகளும், வாரத்தில் ஒருமுறை ஒரு தனிப் பதிலும் போதும். எட்டாவது வாரத் தொடக்கத்தில் இன்னொரு முழுத் தாள் எழுதலாம், ஆனால் தேர்வுக்கு ஐந்து நாளாவது இடைவெளி வேண்டும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பதில், கடைசி இரண்டு நாள் பத்துப் பத்து நிமிடம்.

வகுப்பில் கையால் குறிப்பு எடுப்பவர் என்றால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். ஒருநாள் இரண்டு மணி நேரம் குறிப்பு எடுத்துவிட்டால் அன்றைய பயிற்சியை விட்டுவிடுங்கள்.

நீண்ட நாள் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் கோடு போட்டு வரிகளை எண்ணுங்கள். கடைசிப் பத்து நிமிட எண்ணிக்கை முதல் பத்து நிமிடத்தைவிட இரண்டு வரிக்கு மேல் குறையாமல் இருந்தால்தான் அடுத்த வாரம் ஒரு பதில் கூட்ட வேண்டும். குறைந்தால் அதே அளவில் இன்னொரு வாரம் இருங்கள். இதனால் முழுத் தாள் எட்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போய் ஒரே ஒருமுறைதான் எழுத முடிந்தாலும் பரவாயில்லை. வரி எண்ணிக்கை நின்று, எழுத்து சிதைந்தால் அதுவும் சரிவுதான். அவசரத்தில் முதலில் போவது புள்ளி, அடுத்து ‘ர’வும் காலும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். எல்லாச் சொல்லும் அழகாக இருக்க வேண்டியதில்லை. வழக்கின் பெயர், பிரிவு எண், முடிவு இந்த மூன்றும் தெளிவாக இருக்கட்டும். பத்திகளுக்கு நடுவே ஒரு வரி விட்டால் சுமாரான கையெழுத்தும் படிக்கும்படி ஆகிவிடும்.

வலியைப் பற்றி ஒன்று. முன்கையில் மந்தமான அசதி வந்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் கவலை இல்லை. மறுநாளும் கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலி இருந்தால் அது தசைநாரின் எரிச்சலாக இருக்கலாம். மூன்று நாலு நாள் நிறுத்தி, பழைய வாரத்தின் அளவிலிருந்து தொடங்குங்கள். விரல் மரத்துப்போனாலோ, குறுகுறுத்தாலோ, எழுதும்போது மட்டும் விரல்கள் தாமாக மடங்கி முறுக்கிக்கொண்டாலோ அது பயிற்சியால் தீராது. உடனே மருத்துவரைப் பாருங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டிய நிலை வந்தால் மருத்துவச் சான்று வேண்டியிருக்கும், கடைசி வாரத்தில் போய் நின்றால் அதற்கு நேரம் இருக்காது.